மணல் மணற்கல்லாவது எப்படி, ஆழம் கூடக்கூட அதன் துளையிடம் குறைவது ஏன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து கொட்டுகிற மணல் எப்போது கல்லாகும்?

குடாவின் அடியில் கிடக்கும் வரைக்கும் ஆகாது. அதற்கு மேல் புதிய மணலும் சேறும் படிந்து, அது கீழே கீழே போக வேண்டும். போகிற வழியில் இரண்டு காரியங்கள் நடக்கும். முதலில், மேலே ஏறும் சுமை மணிகளை நெருக்கி இடையிலுள்ள நீரை வெளியேற்றும். இது இறுக்கம். பிறகு, மிஞ்சிய இடைவெளியில் இருக்கும் நீரிலிருந்து ஏதாவதொரு கனிமம் மணிகளின் மேல் படிந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும். இதைச் சீமெந்தாக்கம் என்கிறோம். கடையில் வாங்கும் சீமெந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாறையில் பிணைப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கல்சைற், களிக்கனிமம், இரும்பு ஒட்சைட்டு ஆகியவற்றில் ஒன்று.

குடாவுக்குள்ளேயே தலை வைத்திருக்கும் கடலடிப் பள்ளத்தாக்கு மகாவலி மணலில் ஒரு பகுதியை ஆழ்கடலுக்கு இறக்கிவிடுகிறது. அங்கே போய்ப் படிந்த மணலுக்குத்தான் ஆழமாகப் புதையும் வாய்ப்பு அதிகம். இந்தப் பக்கத்தில் அந்த மணலில் ஒரு கன மீற்றரை எடுத்து, அது 4 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

மணலுக்குள் உண்மையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது? வீட்டில் அளக்கலாமா?

அளக்கலாம். மொத்தக் கனவளவில் எத்தனை சதவீதம் மணி இல்லாத இடமோ அதுவே நுண்துளைமை. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ எடுத்த மணலை நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசி, முற்றாகக் காயவையுங்கள். ஒரு லீற்றர் அளவுச்சாடியில் 300 மில்லிலீற்றர் நீரை முதலில் ஊற்றுங்கள். மணலை மெல்ல மெல்ல அந்த நீருக்குள் தூவுங்கள். பிறகு சாடியின் பக்கத்தில் பத்து இருபது தடவை தட்டி, மணலின் மேல்மட்டம் எங்கே நிற்கிறது, நீரின் மேல்மட்டம் எங்கே நிற்கிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மணல் 500இலும் நீர் 600இலும் நிற்கிறது என்று வைப்போம். நீர் 300இலிருந்து 600க்கு ஏறியதால் மணிகள் பிடித்த இடம் 300 மில்லிலீற்றர். மணற்படுக்கையின் மொத்தம் 500. ஆகவே இடைவெளி 200. நுண்துளைமை 40 சதவீதம். ஓரளவு ஒரே அளவான மணிகள் கொண்ட கடற்கரை மணலில் இதை ஒட்டிய எண்தான் வரும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. மணலைப் போட்டுவிட்டு மேலே நீரை ஊற்றினால் காற்று சிறைப்பட்டு எண் கெடும். அதனால்தான் நீர் முதலில். மணல் சற்று ஈரமாக இருக்கும்போதே அதன் கனவளவை வெறும் பாத்திரத்தில் அளந்தால் அது பருத்துக் காட்டும், ஏனென்றால் மணிகளுக்கிடையிலுள்ள நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது எங்கள் பக்கத்துக்கே உரியது. நிறுத்துப் பார்த்து, குவார்ட்ஸின் அடர்த்தியான 2.65ஆல் வகுத்துக் கணக்கிடும் சுருக்குவழி புல்மோட்டைக் கறுப்பு மணலில் செல்லாது. அதிலுள்ள இல்மனைற்றின் அடர்த்தி 4.7ஐ ஒட்டியது. அந்த மணலில் இப்படிக் கணக்கிட்டால் இடைவெளியே இல்லை என்றோ, பூச்சியத்துக்குக் கீழே என்றோ விடை வரும்.

பருமணலில்தானே இடைவெளி கூட?

ஒவ்வொரு இடைவெளியும் பெரிது என்பது சரி. மொத்தச் சதவீதம் அதனால் கூடுவதில்லை. ஒரே அளவான கோளங்களை மிகத் தளர்வான சதுர ஒழுங்கில் அடுக்கினால் 47.6 சதவீதம் வெற்றிடம், மிக நெருக்கமாக அடுக்கினால் 26 சதவீதம். கோளம் குன்றிமணி அளவா பீரங்கிக் குண்டு அளவா என்பது இந்தக் கணக்கிலேயே வராது. எண்ணை மாற்றுவது மணிகள் எவ்வளவு கலப்படமான அளவில் இருக்கின்றன என்பதுதான். நன்றாகத் தரம் பிரிந்த மணலை ஆய்வுகூடத்தில் நீருக்குள் அடுக்கி அளந்தபோது சுமார் 42 சதவீதமும், மிக மோசமாகக் கலந்த மணலில் சுமார் 28 சதவீதமும் கிடைத்தன. பெரிய மணிகளின் சந்துகளைச் சிறியவை அடைத்துக்கொள்வதே காரணம். அலை புரட்டிச் சலித்த கடற்கரை மணல் முதல் வகையில் சேரும். வெள்ளம் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போன ஆற்று மணல் இரண்டாவதன் பக்கம் சாயும்.

நீர் எவ்வளவு இலகுவாக ஊடுருவும் என்பது வேறு விடயம். அதில் மணியின் அளவு மிகவும் முக்கியம்.

சுமை ஏறும்போது மணிகளுக்கு என்ன நடக்கிறது? நசுங்குகின்றனவா?

தொடக்கத்தில் நசுங்குவதில்லை, இடம் மாறுகின்றன. சுண்டில் அரிசியை அளக்கும்போது தட்டினால் மட்டம் இறங்குகிறதே, முதல் சில நூறு மீற்றரில் நடப்பது அதேதான். மணிகள் வழுக்கி, உருண்டு, சந்து பார்த்து உட்காருகின்றன. தட்டித் தட்டி அரிசி ஒரு கட்டத்துக்கு மேல் இறங்காது. மணல் அதற்கு மேலும் இறங்கும், ஏனென்றால் அங்கே சுமை கூடிக்கொண்டே போகிறது. மணிகள் தாங்கும் அழுத்தம் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 12 மெகாபஸ்கால், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றரில் 120 கிலோவுக்குச் சற்று மேல்.

இந்தக் கட்டத்தில் மென்மையான மணிகள் முதலில் தோற்கின்றன. மைக்காத் தகடுகள் இரண்டு குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே வளைகின்றன. சேற்றுக்கல் துணுக்குகள் பிதுங்கிப் பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடும். பெல்ஸ்பார் பிளவுத் தளங்களில் வெடிக்கும். குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். பருமணலில் அதுவும் உடைவதுண்டு, ஏனென்றால் மணி பெரிதானால் தொடும் புள்ளிகள் குறைவு, ஒவ்வொரு புள்ளியிலும் விழும் சுமை அதிகம்.

மலைநாட்டின் உருமாறிய படிகப் பாறைகளை அரித்து வருவதால் மகாவலி மணலில் குவார்ட்ஸோடு பெல்ஸ்பாரும் மைக்காவும் உண்டு. ஆகவே அது சுத்தமான குவார்ட்ஸ் மணலை விடச் சற்று அதிகமாகவே இறுகும். கீழே வரும் கணக்கில் சுத்தமான மணலுக்குரிய எண்களையே எடுத்திருக்கிறோம், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று.

இறுக்கம் எந்த ஆழத்தோடு நிற்கும்?

கடினமான மணிகள் நிறைந்த மணலில் மணிகளுக்கிடையிலான இடம் 40 சதவீதத்தில் தொடங்கி, ஏறக்குறைய 2.4 கிலோமீற்றரில் 26 சதவீதத்தை எட்டுகிறது. அதற்குக் கீழே வெறும் நெருக்கத்தால் பெரிதாகக் குறைவதில்லை.

இந்த வேகம் குறைவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி விடயம் புரிந்தமாதிரி. தளர்ந்த மணலில் மணிகள் புள்ளியில் மட்டும் தொடுகின்றன. முழுச் சுமையும் அந்தச் சிறு புள்ளிகளில் விழுவதால் இலகுவாக நகர்கின்றன. நகர்ந்து நெருங்கியதும் ஒவ்வொரு மணிக்கும் அயல் மணிகள் கூடுகின்றன, தொடுபரப்பு விரிகிறது, அதே சுமை அதிக இடத்தில் பரவுகிறது. ஆகவே அடுத்த ஒரு சதவீதத்தைப் பிழிந்தெடுக்க முந்தியதை விட அதிக சுமை வேண்டும். நுண்துளைமை நேர்கோட்டில் விழாமல், முதலில் செங்குத்தாகவும் பிறகு தட்டையாகவும் வளைவது இதனால்தான்.

அந்த ஒரு கன மீற்றர் மணல் 2.4 கிலோமீற்றரில் எவ்வளவாகச் சுருங்கியிருக்கும்?

தொடக்கத்தில் 1000 லீற்றர். அதில் மணிகள் 600, நீர் 400. இறுக்கத்தின்போது மணிகளின் கனவளவு மாறுவதில்லை. 2.4 கிலோமீற்றரில் இடைவெளி 26 சதவீதம் என்றால் மணிகள் 74 சதவீதம். ஆகவே மொத்தம் 600ஐ 0.74ஆல் வகுத்த 811 லீற்றர். அதில் இடைவெளி 211. வெளியேறிய நீர் 189 லீற்றர். பக்கவாட்டில் நகர இடமில்லாததால் சுருக்கம் முழுவதும் உயரத்தில்தான்: ஒரு மீற்றர் தடிப்பான அடுக்கு 81 சென்ரிமீற்றராகிவிட்டது.

பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 40இலிருந்து 26க்கு வந்தது, ஆகவே இழப்பு 14 என்கிறார்கள். 14 என்பது இரண்டு வெவ்வேறு மொத்தங்களின் சதவீதங்களைக் கழித்த எண். இருந்த 400 லீற்றர் துளையிடத்தில் 189 போய்விட்டது, கிட்டத்தட்ட பாதி.

இவ்வளவும் நடந்த பின்னும் அது கல் இல்லையா?

முழுமையாக இல்லை. இறுக்கம் மட்டும் கண்ட மணலைத் துளைத்து மேலே எடுத்தால் பல வேளைகளில் கையிலேயே உதிரும். மணிகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒட்டவில்லை. பிதுங்கிய களியும் மணிகள் பூட்டிக்கொள்வதும் ஓரளவு பிடிப்பைக் கொடுக்கும். சுத்தியலால் அடித்தால் கணீரென்று கேட்கும் கல்லாவதற்குச் சீமெந்து வேண்டும்.

அந்தக் குவார்ட்ஸ் சீமெந்து எங்கிருந்து வருகிறது? மேலேயுள்ள நீர் கரைத்துக்கொண்டு வருகிறதா?

பாடப்புத்தகங்களில் “நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவந்து படியவைக்கிறது” என்ற வரி அடிக்கடி வரும். ஆழமில்லாத இடத்தில் படியும் கல்சைற்றுக்கு அது பொருந்தும். ஆழத்தில் உருவாகும் குவார்ட்ஸுக்குக் கணக்கு உதைக்கிறது.

எங்கள் உதாரண மணல் 4 கிலோமீற்றரில் பாறையின் 14 சதவீதம் குவார்ட்ஸ் சீமெந்து கொண்டதாக மாறுகிறது என்று எடுப்போம். 811 லீற்றரில் 14 சதவீதம் என்றால் சுமார் 114 லீற்றர், அதாவது 300 கிலோவுக்குச் சற்று மேல். 100 பாகை செல்சியஸில் குவார்ட்ஸோடு சமநிலையில் உள்ள நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் சிலிக்காதான் கரைந்திருக்கும். அந்த 50 முழுவதையும் இறக்கிவைத்துவிட்டுப் போனாலும் 300 கிலோவுக்கு 60 இலட்சம் லீற்றர் நீர் வேண்டும். அடுக்கிலிருந்து பிழிந்து வெளியேறியதோ 189 லீற்றர். அயலிலுள்ள சேற்று அடுக்குகளின் நீரைச் சேர்த்தாலும் இந்தத் தொகைக்கு அருகில்கூட வராது.

ஆகவே சிலிக்கா அந்த அடுக்குக்குள்ளேயோ அதன் ஓரத்திலோதான் கிடைத்திருக்க வேண்டும். முக்கிய மூலம் குவார்ட்ஸ் மணிகளே. மைக்காவும் களித்தகடும் மணியைத் தொடும் இடங்களில் குவார்ட்ஸ் விரைவாகக் கரைகிறது. கரைந்த சிலிக்கா மணியைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் வழியே மெல்லப் பரவி, சில சென்ரிமீற்றர் தள்ளி சுத்தமான மணிப் பரப்பில் படிகிறது. கரையும் இடங்கள் ஒரே கோட்டில் சேர்ந்தால் பாறையில் கறுத்த, பல் பல்லான தையல் கோடு தெரியும். பெல்ஸ்பார் களியாக மாறும்போதும் சிறிது சிலிக்கா விடுபடும்.

படியும் குவார்ட்ஸ் தனித் துகளாக விழுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் மணியின் படிக ஒழுங்கைத் தொடர்ந்து அதன்மேல் தோலாக வளரும். அயல் மணியின் தோலோடு முட்டும் இடத்தில் இரண்டும் பூட்டிக்கொள்ளும். மணற்கல்லின் உறுதி அங்கேதான்.

எந்த ஆழத்தில் அது தொடங்கும்?

ஆழத்தை விட வெப்பநிலையைக் கேட்பது நல்லது. 70 முதல் 80 பாகைக்குக் கீழே குவார்ட்ஸ் படிவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு மந்தம். மேலே 25 பாகை, கிலோமீற்றருக்கு 30 பாகை ஏற்றம் என்று கொண்டால் 80 பாகை என்பது சுமார் 1.8 கிலோமீற்றர். புவியோட்டின் வெப்பம் மந்தமான படுகையில் இது 3 கிலோமீற்றருக்கு அப்பாலும் போகலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு 14 பாகை ஏற்றத்துக்கும் படியும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள, மூன்றில் இரண்டு பங்கு குவார்ட்ஸான மணலில் 100 பாகையில் 10 இலட்சம் ஆண்டுக்குப் பாறையின் 0.3 சதவீதத்தை ஒட்டிச் சீமெந்து சேரும். 120 பாகையில் அது சுமார் 1 சதவீதம். மணிகளின் மேல் தோல் மூடமூட வெறும் பரப்புக் குறைவதால் வேகமும் பின்னால் குறையும்.

எங்கள் மணல் 4 கோடி ஆண்டுகளில் ஒரே வேகத்தில் 4 கிலோமீற்றருக்கு இறங்கினால், கீழே 145 பாகை. மேலே சொன்ன 14 சதவீதச் சீமெந்து இந்தப் பயணத்துக்குப் பொருத்தமான அளவு. இதே மணல் இதே ஆழத்துக்கு 40 இலட்சம் ஆண்டுகளில் போயிருந்தால், சூடு அதுவே, ஆனால் நேரம் பத்தில் ஒன்று. சீமெந்து 2 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். முதலாவதில் நுண்துளைமை 26இலிருந்து 14 போக 12 சதவீதம். இரண்டாவதில் 24. ஆழம் ஒன்றே, பாறை வேறு.

ஆழம் என்று நாம் சொல்லும்போது சுமை, சூடு, காலம் மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறோம். அநேகமான படுகைகளில் மூன்றும் சேர்ந்தே கூடுவதால் நுண்துளைமை ஆழத்தோடு குறைவதாகத் தெரிகிறது.

அப்படியானால் துளையிடத்தை அதிகம் தின்றது இறுக்கமா, சீமெந்தா?

40 இலட்சம் ஆண்டு மணலில் சந்தேகமே இல்லை, இறுக்கம். 4 கோடி ஆண்டு மணலுக்குக் கணக்குப் போடுவோம். தொடக்கத்து 400 லீற்றரில் இறுக்கம் எடுத்தது 189. மிஞ்சிய 211இல் சீமெந்து எடுத்தது 114. இன்னும் திறந்திருப்பது 97. அங்கேயும் இறுக்கமே முந்துகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்து “இறுக்கத்தால் 14, சீமெந்தால் 14, இரண்டும் சமம்” என்று எழுதுகிறவர்கள் பாறை சுருங்கியதை மறந்துவிடுகிறார்கள்.

ஆழத்தைக் கொடுத்தால் நுண்துளைமையைச் சொல்லும் சூத்திரம் உண்டா?

உண்டு. 1930இல் ஏதி என்பவர் சேற்றுக்கல்லுக்காகத் தந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

φ = φ₀ e^(−cz)

φ₀ மேற்பரப்பு நுண்துளைமை, z ஆழம், c அந்தப் பாறை எவ்வளவு விரைவாக இறுகும் என்பதைக் காட்டும் மாறிலி. வட கடலுக்காக 1980இல் வெளியான ஆய்வில் மணற்கல்லுக்கு φ₀ 0.49, c கிலோமீற்றருக்கு 0.27. சேற்றுக்கல்லுக்கு 0.63, 0.51. இந்த எண்களைப் போட்டால் மணற்கல் 1 கிலோமீற்றரில் 37, 2இல் 29, 3இல் 22, 4இல் 17 சதவீதம். சேற்றுக்கல் 63இல் தொடங்கி 1 கிலோமீற்றரிலேயே 38க்கு வந்து, 4இல் 8க்கு விழுந்துவிடுகிறது. சேற்றின் தகடுகள் நீரோடு பஞ்சாக நின்று சுமை வந்ததும் படுத்துக்கொள்வதால் இந்த வித்தியாசம்.

இந்தச் சூத்திரத்தைப் படுகையின் சராசரிக்குப் பயன்படுத்துங்கள், தனி அடுக்குக்கு வேண்டாம். அதற்குள் வெப்பநிலையும் இல்லை, வயதும் இல்லை. மேலே பார்த்த 12உம் 24உம் இரண்டுக்கும் இது 17 என்றே சொல்லும்.

ஆழமாகப் போயும் துளையிடத்தை இழக்காத மணற்கல் இருக்கிறதாமே?

இருக்கிறது, மூன்று வழிகளில்.

சுற்றியுள்ள தடித்த சேற்று அடுக்கு நீரை வெளியே விடாவிட்டால், சுமையில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்ளும். 3 கிலோமீற்றரில் மேலுள்ள பாறையின் மொத்த அழுத்தம் சுமார் 66 மெகாபஸ்கால். நீர் வழமையான 30இல் இருந்தால் மணிகள் 36ஐத் தாங்குகின்றன. நீர் 50க்கு ஏறியிருந்தால் மணிகளுக்கு 16தான். அது 1.3 கிலோமீற்றரில் தாங்க வேண்டியதற்குச் சமம். ஆனால் மணல் இறுகுவதற்கு முன்பே நீர் சிக்கியிருக்க வேண்டும். இறுகிய பின்னர் அழுத்தம் ஏறினால் நசுங்கியது விரியாது. குவார்ட்ஸ் படிவதையும் இது பெரிதாகத் தடுக்காது, ஏனென்றால் அது சூட்டுக்குக் கட்டுப்பட்டது.

இரண்டாவது, மணிகளின் மேல் படியும் மெல்லிய குளோரைற் என்னும் பச்சைக் களித்தோல். குவார்ட்ஸ் தோல் வளர வெறும் குவார்ட்ஸ் பரப்பு வேண்டும். களி அதை முழுவதும் மூடிவிட்டால் 4 கிலோமீற்றருக்குக் கீழேயும் 20 சதவீதத்துக்கு மேல் இடைவெளி தப்பிப்பதுண்டு. தோலில் ஓட்டைகள் இருந்தால் அந்த ஓட்டை வழியே குவார்ட்ஸ் முளைக்கும், காப்பு அரைகுறை. களி அளவுக்கு மிஞ்சினால் துளைகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய வாய்களை அடைத்துவிடும்: நுண்துளைமை இருக்கும், நீரோ வாயுவோ ஓடாது.

மூன்றாவது, பெல்ஸ்பார் கரைந்து போய் விடும் ஓட்டைகள். இதை ஆதாயமாகக் காட்டும் அறிக்கைகளைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கரைந்த பெல்ஸ்பார் பெரும்பாலும் பக்கத்திலேயே களியாகப் படிந்துவிடுவதால் நிகர ஆதாயம் சிறிது.

மன்னார்ப் படுகையில் 2011இல் டொராடோ கிணற்றில் மணற்கல் அடுக்கில் இயற்கை வாயு கிடைத்தது. இத்தகைய இடங்களில் துளையிடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும், அதனால்தான் இந்தக் கணக்குகளுக்கு ஆள் செலவழிக்கிறார்கள்.

கடற்கரையிலேயே மணல் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். அதற்கு ஆழம் தேவைப்படவில்லையே?

அது கடற்கரைப் பாறை. இலங்கைக் கரையின் பல இடங்களில் கடலின் பக்கம் சரிந்த பலகைகளாகத் தெரியும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட வலயத்தில் வெப்பமான கடல்நீரிலிருந்து சுண்ணாம்புக் கனிமங்கள் மணிகளுக்கிடையில் படிந்து, மிகக் குறுகிய காலத்திலேயே ஒட்டிவிடுகின்றன. உள்ளே போத்தல் ஓடு, இரும்பாணி ஒட்டியிருக்கும் கடற்கரைப் பாறைகள் உலகில் பல இடங்களில் உண்டு.

இதில் இறுக்கமே நடக்கவில்லை. ஆகவே மணிகள் தளர்வாக, புள்ளியில் தொட்டபடி, 40 சதவீத இடைவெளியோடு நிற்க, அந்த இடைவெளியைச் சீமெந்து நிரப்பியிருக்கும். பழைய மணற்கல்லில் சீமெந்து எப்போது வந்தது என்று கண்டுபிடிக்கும் வழியும் இதுதான். சீமெந்தையும் திறந்த துளையையும் கூட்டிப் பாருங்கள். 35இலிருந்து 40 வந்தால் சீமெந்து மேலே இருந்தபோதே வந்து மணிகளைப் பூட்டிவிட்டது. 26ஐ ஒட்டி வந்தால் இறுக்கம் முடிந்த பிறகு வந்தது. ஒரே அடுக்கில் உருண்டையான கல்சைற்றுக் கட்டிக்குள் முதலாவதும் அதற்கு வெளியே இரண்டாவதும் கிடைப்பது சாதாரணம்.

புதைந்த மணற்கல் திரும்ப மேலே வந்தால் துளைகள் திறக்குமா?

இல்லை. சுமை நீங்கியதும் வெடிப்புகள் விழலாம். இடம் மாறிய மணி பழைய இடத்துக்குப் போகாது, படிந்த குவார்ட்ஸ் குளிர்ந்ததும் கரையாது. ஆகவே சூத்திரத்தில் போட வேண்டியது இன்றைய ஆழம் அல்ல, அந்தப் பாறை அடைந்த மிகக் கூடிய ஆழம். மேலே கிடக்கும் கல்லில் 8 சதவீதம்தான் இருக்கிறது என்றால், அது ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை மணற்கல்தானா?

அல்ல. புவியோட்டின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் முழுமையாக மறுபடிகமான உருமாறிய பாறைகளே திருகோணமலையின் அடித்தளம். இவற்றிடையே குவார்ட்சைற்று உண்டு. அது ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்து, துளையிடம் முற்றாக மூடி, மணிகளின் எல்லையே அழிந்த பாறை. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். இலங்கையில் பழைய மணற்கல்லைக் கையால் தொட வேண்டுமானால் புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம போக வேண்டும். அவை ஜுராசிக் காலத்தவை, பெல்ஸ்பார் நிறைந்தவை.

கையில் ஒரு துண்டு கல் இருக்கிறது. அதை ஒட்டியிருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிதாக உடைத்த முகத்தில் 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் கல்சைற். கடற்கரைப் பாறையில் சிப்பித் துணுக்குகளும் நுரைக்கும், ஆகவே நுரை மணிகளுக்கு நடுவிலிருந்து வருகிறதா என்று கைவில்லையால் பார்க்க வேண்டும். அமிலம் கிடைக்காவிட்டால் கல்லைத் தூளாக்கி வினாகிரியில் போடலாம். மெதுவாக நுரைக்கும். நுரைக்காமல் செந்நிறம் கையில் ஒட்டினால் இரும்பு ஒட்சைட்டு. ஈரமாக்கினால் மண் வாசம் வந்து நகத்தால் உதிர்ந்தால் களி.

எதுவும் நடக்காமல், உடைந்த முகம் மினுங்கி, வெடிப்பு மணிகளைச் சுற்றிப் போகாமல் ஊடறுத்துப் போயிருந்தால் குவார்ட்ஸ். பிறகு ஒரு துளி நீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துளைகள் இன்னும் திறந்தும் ஒன்றோடொன்று தொடர்ந்தும் இருக்கின்றன. துளி உருண்டையாகவே நின்றால் அநேகமாக மூடிவிட்டன, ஆனால் கையிலுள்ள எண்ணெய்ப்பசையும் நீரைத் தள்ளும், ஆகவே தொடாத முகத்திலேயே விடுங்கள்.

சதவீதம் வேண்டுமானால் மெல்லிய சீவல்தான் வழி. நீலச் சாயம் கலந்த பிசினைத் துளைகளுக்குள் ஏற்றி, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் குறைந்தது 300 புள்ளிகளில் மணியா, சீமெந்தா, நீலமா என்று எண்ண வேண்டும். பழைய மணியின் விளிம்பில் தூசு வளையம் இருந்தால் குவார்ட்ஸ் தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். வளையம் இல்லாவிட்டால் மணியும் தோலும் ஒன்றாகவே தெரிவதால் சீமெந்தை மணியாக எண்ணிவிடுவீர்கள், அதன்படி இறுக்கத்தின் பங்கு கூடிவிடும். அந்த நிலையில் இலத்திரன் கற்றையைச் செலுத்தி ஒளிர்வில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு நிறமாகப் பிரிந்து தெரியும். சீவல் தேய்க்கும்போது பிய்ந்துபோன மணிகளின் குழிகளையும் துளை என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றுக்குள் நீலப் பிசின் இருக்காது.